2,000 டாலர் எப்படி 1,66,108 ரூபாய் ஆனது? வெளிநாட்டுப் பண அட்வைஸைச் சரிபார்க்கும் வழி

வாடிக்கையாளர் அமெரிக்காவிலிருந்து 2,000 டாலர் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். கணக்கில் 1,66,108 ரூபாய் 26 காசு வரவாகியிருக்கிறது. டாலர் 85 ரூபாய் என்றால் 1,70,000 வந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட 3,900 ரூபாயைக் காணோம். வங்கியில் கேட்டால் "சார்ஜஸ் போயிருக்கும் சார்" என்று ஒரே வரியில் பதில் வரும்.

பதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பணம் ஒரே இடத்தில் போகவில்லை. கொஞ்சம் டாலராகவே வழியில் போயிருக்கும், கொஞ்சம் மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும், மிச்சம் ரூபாயாகப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு. அதனால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சண்டை.

இந்தியாவில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்து, பணத்தை நேரடியாகத் தன் வங்கிக் கணக்கில் பெறும் ஒரு மென்பொருள் ஆலோசகரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. உங்கள் அட்வைஸில், அதாவது வரவு பற்றி வங்கி தரும் விவரத் தாளில், உள்ள எண்களை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

முதலில் சரியான காகிதங்கள்

வரவு வந்ததும் வரும் எஸ்எம்எஸ்ஸை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. அதில் கடைசி ரூபாய்த் தொகை மட்டும்தான் இருக்கும். நான்கு தாள்கள் வேண்டும்: நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸ், வங்கி தரும் அட்வைஸ், அந்த நாளின் கணக்கு அறிக்கை, பணம் அனுப்பும்போது வங்கிகள் தங்களுக்குள் பரிமாறும் ஸ்விஃப்ட் செய்தியின் நகல்.

அட்வைஸை எஃப்.ஐ.ஆர்.ஏ. என்றும் சொல்வார்கள். பல வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும், சிலவற்றில் நெட் பேங்கிங்கில் நாமே இறக்கிக்கொள்ளலாம். அனுப்பியவர் பெயர், அந்நியச் செலாவணித் தொகை, விகிதம், ரூபாய் மதிப்பு, பணம் எதற்காக வந்தது என்று காட்டும் பர்ப்பஸ் கோடு எல்லாம் அதில் இருக்கும். பிடித்தங்கள் எல்லா வங்கியின் அட்வைஸிலும் இருக்காது. சில வங்கிகள் அவற்றைக் கணக்கு அறிக்கையில் தனித்தனி வரியாகப் போடுகின்றன. அதனால்தான் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஸ்விஃப்ட் நகலை யாரும் தானாகத் தரமாட்டார்கள். பணம் அனுப்பியவரிடம் "எம்டி 103 நகல் வேண்டும்" என்று கேளுங்கள், அவர் தன் வங்கியிடமிருந்து வாங்கித் தருவார். உங்கள் வங்கியிடமும் கேட்கலாம். 2025 நவம்பரோடு வங்கிகளுக்கு இடையிலான இந்தச் செய்தி `pacs.008` என்ற புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது, பல வங்கிகள் நகலையும் பழைய வடிவத்திலேயே அச்சிட்டுத் தருகின்றன. உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான்.

எந்தப் பணமாக வந்தது?

இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அட்வைஸில் USD என்று இருக்கிறதா, INR என்று இருக்கிறதா?

அனுப்பும் இடத்தில் சில வங்கிகளும் செயலிகளும் "பெறுபவரின் நாட்டுப் பணத்திலேயே அனுப்பவா?" என்று கேட்கும். வாடிக்கையாளர் நல்ல எண்ணத்தில் ஆமாம் என்று அழுத்திவிடுவார். அப்போது டாலர் அங்கேயே ரூபாயாக மாறிவிடும். விகிதத்தை வைத்தது அந்த ஊர் வங்கி. உங்கள் வங்கி எதையும் மாற்றவில்லை, அதனால் அதன் அட்வைஸில் விகிதமே இருக்காது, அல்லது 1 என்று இருக்கும். இந்த நிலையில் உங்கள் கிளை மேலாளரிடம் விகிதம் பற்றி எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை. அடுத்த முறை டாலரிலேயே அனுப்பச் சொல்வதுதான் ஒரே வழி.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சேவை ஏற்றுமதியாகக் கருதப்பட, கட்டணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில் வந்திருக்க வேண்டும், அல்லது ரிசர்வ் வங்கி அனுமதித்த முறையில் ரூபாயாக வந்திருக்க வேண்டும். எந்தப் பணமாக வந்தது என்பதற்கு அட்வைஸ்தான் உங்கள் ஆதாரம். பர்ப்பஸ் கோடையும் கையோடு பார்த்துவிடுங்கள். மென்பொருள் ஆலோசனைக்கு P0802. குடும்பச் செலவுக்கான P1301 என்று தவறாகப் பதிவாகியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். தொழில் வருமானத்தை வீட்டுச் செலவுப் பணமாகக் காட்டும் காகிதம் பிறகு தலைவலி தரும்.

வழியில் கழிந்த டாலர்

நம் ஆலோசகரின் ஸ்விஃப்ட் நகலில் தேவையான வரிகள் மட்டும் இவை:

```
:32A:250108USD1985,00
:33B:USD2000,00
:71A:SHA
:71F:USD15,00
```

தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருப்பது அச்சுப் பிழையல்ல, அந்த வடிவத்தின் வழக்கமே அதுதான். `33B` என்பது அனுப்பியவர் அனுப்பச் சொன்ன தொகை. `32A` என்பது தேதியும், கடைசியாக வங்கிகளுக்குள் கைமாறிய தொகையும். நடுவில் கழிந்தது `71F`. இரண்டாயிரத்தில் பதினைந்து போக 1,985. புதிய வடிவத்தில் இதே மூன்றும் `InstdAmt`, `IntrBkSttlmAmt`, `ChrgsInf` என்ற பெயர்களில் இருக்கும்.

அனுப்பும் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடிக் கணக்குத் தொடர்பு இல்லாதபோது இடையில் ஒரு வங்கி வரும். அது தன் கூலியைப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். எடுக்கலாமா கூடாதா என்பதைச் சொல்வது `71A`. SHA என்றால் அனுப்புபவர் தன் வங்கிக் கட்டணத்தைக் கட்டுவார், மற்றது பெறுபவர் தலையில். BEN என்றால் எல்லாமே பெறுபவர் தலையில். OUR என்றால் முழுக் கட்டணமும் அனுப்புபவருடையது. புதிய வடிவத்தில் இவை SHAR, CRED, DEBT.

இங்கே நான்கு விதமாகக் கணக்கு இடிக்கலாம். `33B`-யே இன்வாய்ஸைவிடக் குறைவாக இருந்தால் வாடிக்கையாளரே குறைத்து அனுப்பியிருக்கிறார். அவர் நாட்டில் வரி பிடித்திருக்கலாம், அல்லது வங்கிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டிருக்கலாம். `33B` சரியாக இருந்து, SHA-வோடு `32A` குறைந்திருந்தால், நம் உதாரணத்தைப் போல, அது விதிப்படி நடந்த கழிவு. திரும்பக் கேட்க முடியாது. OUR என்று போட்டும் தொகை குறைந்திருந்தால் அது தவறு, வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் கொடுத்து மீட்கலாம்.

நான்காவதுதான் கொஞ்சம் சிக்கல். `32A`-வில் 2,000 இருக்கிறது, ஆனால் உங்கள் வங்கியின் அட்வைஸ் 1,985-இல் ஆரம்பிக்கிறது. அப்படியானால் கழிவு அந்தச் செய்திக்குப் பிறகு நடந்திருக்கிறது. உங்கள் வங்கி வெளிநாட்டு வங்கியில் வைத்திருக்கும் கணக்கை நோஸ்ட்ரோ என்பார்கள். அந்தக் கணக்கில் உண்மையில் எவ்வளவு வரவானது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். அங்கேயும் 2,000 என்றால், 15 டாலருக்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் வங்கிதான்.

இடையில் எந்த வங்கி எடுத்தது என்று தெரியவேண்டுமா? ஒவ்வொரு ஸ்விஃப்ட் பணத்துக்கும் `UETR` என்ற 36 எழுத்து நீளமுள்ள தனி அடையாளம் உண்டு. அதை வைத்து இரு பக்க வங்கியும் பணம் நின்ற இடங்களையும் கழிந்த தொகைகளையும் தேடிப் பார்க்கலாம்.

விகிதம்: அதிகம் போவது இங்கேதான்

பலர் செய்யும் தவறு, கணக்கில் வந்த ரூபாயை இன்வாய்ஸ் டாலரால் வகுப்பது. 1,66,108.26-ஐ 2,000-ஆல் வகுத்தால் 83.05 வரும். "டாலருக்கு 83 ரூபாய்தான் கொடுத்திருக்கிறார்கள்" என்று கோபம் வரும். ஆனால் அது விகிதமே இல்லை. விகிதம், டாலர் கழிவு, ரூபாய் கழிவு எல்லாம் கலந்த குழம்பு அது. வங்கியில் இந்த எண்ணைச் சொன்னால் முதல் நிமிடத்திலேயே உங்களை மடக்கிவிடுவார்கள்.

சரியான வழி, அட்வைஸில் உள்ள ரூபாய் மதிப்பை, அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய தொகையை, வங்கிக்கு வந்து சேர்ந்த டாலரால் வகுப்பது.

```
166938.50 / 1985 = 84.10
```

அட்வைஸில் அச்சாகியிருக்கும் விகிதமும் 84.10 என்றால் கணக்கு சரி. (யென் மட்டும் நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்று போடப்படும், மறந்து வகுத்துவிட்டுப் பதறாதீர்கள்.)

அடுத்து, 84.10 எங்கிருந்து வந்தது? வங்கிகள் தினமும் கார்டு ரேட் என்று ஒரு பட்டியல் வெளியிடுகின்றன. அதில் `TT BUY`, `BILL BUY`, `CN BUY` என்று பல பத்திகள் இருக்கும். உங்கள் வங்கி டாலரை உங்களிடமிருந்து வாங்குகிறது, அதனால் வாங்கும் விகிதப் பத்திகளை மட்டும் பாருங்கள். பணம் ஏற்கெனவே வங்கியின் நோஸ்ட்ரோ கணக்கில் விழுந்துவிட்ட வெறும் வரவுக்கு உரியது `TT BUY`. `BILL BUY` என்பது பணம் இனிமேல்தான் வரவேண்டிய ஏற்றுமதி பில்களுக்கு, அது சில பைசா குறைவாக இருக்கும். `CN BUY` கையில் கொண்டுபோகும் நோட்டுக்கு, அது இன்னும் நன்றாகவே குறையும். நேரடியாக வந்த பணத்துக்கு `BILL BUY` போட்டிருந்தால் அது பிழை, எழுதிக் கேட்டு வித்தியாசத்தை வாங்கலாம். சட்டென்று கண்ணில் படாத பிழை இது, ஏனென்றால் விகிதம் பார்க்க நியாயமாகத்தான் தெரியும்.

பட்டியலை எடுக்கும்போது தேதியில் கவனம் தேவை. அனுப்பிய நாள் ஒன்று, வங்கிக்கு வந்த நாள் ஒன்று (`32A`-வில் உள்ள 250108, அதாவது 2025 ஜனவரி 8), ரூபாயாக மாற்றி வரவு வைத்த நாள் ஒன்று. விகிதம் மூன்றாவது நாளுடையது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பல நாள் ஓடியிருந்தால் ஏன் என்று பாருங்கள். பெரும்பாலும் வங்கி பர்ப்பஸ் கோடு கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் நம் இன்பாக்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது: நான் பதில் போட்ட நாளுக்குள் டாலர் இறங்கிவிட்டது, யாரையும் குறை சொல்ல வழியில்லை. வங்கி எதுவும் கேட்காமலே தாமதித்திருந்தால் மட்டும் அது அவர்கள் பொறுப்பு.

கடைசியாக, விகிதம் கணக்குப்படி சரி என்பதற்காக அது நல்ல விகிதம் என்று அர்த்தமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிடும் ஆதார விகிதம் இருக்கிறது. வேலை நாட்களில் காலை 11.30 முதல் 12.30 வரை சந்தையில் நடந்த வியாபாரத்தை வைத்துக் கணக்கிட்டு மதியம் வெளியிடுவார்கள். நம் உதாரணத்தில் அன்று அது 85.00 என்று வைத்துக்கொள்வோம். 85.00-க்கும் 84.10-க்கும் இடையிலான 90 பைசா வங்கியின் லாப விளிம்பு. 1,985 டாலருக்கு 1,786 ரூபாய் 50 காசு. காணாமல் போன பணத்தில் கிட்டத்தட்ட பாதி இதுதான், ஆனால் இது எந்தக் காகிதத்திலும் "கட்டணம்" என்ற பெயரில் வராது. "ஜீரோ கமிஷன்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

இதைத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் முன்கூட்டிப் பேசலாம். மாதாமாதம் பணம் வருகிறது என்றால் கிளையில் ஃபோரெக்ஸ் பார்ப்பவரிடம் சிறப்பு விகிதம் கேளுங்கள். 20 பைசா, 30 பைசா ஏற்றித் தருவார்கள். மாற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். மாற்றிவிட்டால் அந்த ஒப்பந்தத்தைப் பிரிக்கமாட்டார்கள்.

ரூபாயில் பிடித்தது

1,66,938.50 ரூபாயிலிருந்து இனி மூன்று கழிவு. வங்கியின் வரவுக் கட்டணம் 500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய். இந்த 500 வங்கிக்கு வங்கி மாறும், சில இடங்களில் கிடையவே கிடையாது. உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, பணத்தை மாற்றியதற்கான ஜிஎஸ்டி. கமிஷனே வாங்காத வங்கியும் இதைப் பிடிக்கும், ஏனென்றால் மாற்றிய தொகையில் ஒரு பங்கைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்ள ஜிஎஸ்டி விதி 32 வழி சொல்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை தொகையில் 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய். ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை 1,000 ரூபாயோடு, லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதம். பத்து லட்சத்துக்கு மேல் 5,500 ரூபாயோடு, அதற்கு மேற்பட்டதில் 0.1 சதவீதம், அதிகபட்சம் 60,000. இப்படி வரும் மதிப்புக்கு 18 சதவீதம்தான் வரி, முழுத் தொகைக்கு அல்ல.

```
1000 + 0.005 × (166938.50 − 100000) = 1334.69
1334.69 × 0.18 = 240.24
166938.50 − 240.24 − 500 − 90 = 166108.26
```

அறிக்கையில் 240.24 என்று ஒரே வரியாக இல்லாமல், மத்திய, மாநில வரியாக 120.12 இரண்டு முறை இருக்கலாம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் உங்கள் எண் வங்கியில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியும்.

இந்த வரியை வைத்து ஒரு சின்ன வித்தை செய்யலாம். அட்வைஸ் இன்னும் வரவில்லை, கையில் கணக்கு அறிக்கை மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 240.24-ஐ 0.18-ஆல் வகுத்து, 1,000 கழித்து, 0.005-ஆல் வகுத்து, ஒரு லட்சம் கூட்டினால் 1,66,933 வரும். காசு முழுமையாக்கியதில் ஐந்து ரூபாய் தள்ளாடுகிறது, பரவாயில்லை. அதை 1,985-ஆல் வகுத்தால் 84.10. வங்கி இன்னும் சொல்லாத விகிதம் உங்கள் கையில். ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரையிலான தொகைக்குத்தான் இந்தப் படிகள் பொருந்தும்.

காணாமல் போன பணம் மொத்தமும்

இப்போது கிழித்துப் போட்ட துண்டுகளை ஒட்டிப் பார்க்கலாம். ஆதார விகிதப்படி 1,70,000. வந்தது 1,66,108.26. வித்தியாசம் 3,891.74.

```
15 × 85.00         = 1275.00
0.90 × 1985        = 1786.50
240.24 + 500 + 90  =  830.24
                     -------
                     3891.74
```

காசு சுத்தமாக ஒட்டிவிட்டது. உங்கள் கணக்கில் ஒட்டாமல் நின்றால், அந்த மிச்சத் தொகையே எங்கே தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். 200 ரூபாயோடு 18 சதவீதம் சேர்ந்து 236 என்பதுபோல் உதைத்தால், அட்வைஸ் அல்லது சான்றிதழ் கொடுத்ததற்கான கட்டணமாக இருக்கலாம். 590 இரண்டு முறை வந்தால், ஒரே கட்டணத்தை வரவிலும் கழித்து, கணக்கிலும் தனியாக எடுத்திருக்கிறார்கள். மிச்சத்தை டாலர் தொகையால் வகுக்கும்போது சரியாகச் சில பைசா வந்தால் தவறான பத்தியின் விகிதம் என்று சந்தேகப்படுங்கள்.

வங்கிக்கு எழுதும்போது "பணம் குறைவாக வந்திருக்கிறது" என்று எழுதாதீர்கள். அதற்குத்தான் அந்த ஒரு வரிப் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "ஜனவரி 8 தேதியிட்ட வரவு, அட்வைஸ் எண் இது. 1,985 டாலருக்கு உங்கள் அன்றைய பட்டியலில் `TT BUY` 84.10. ஆனால் 83.95 போடப்பட்டுள்ளது. வித்தியாசம் 297 ரூபாய் 75 காசு. எந்த விகிதம், எந்த நேரத்துப் பட்டியல் என்று தெரிவிக்கவும்." அன்றைய பட்டியலின் நகலையும் இணைத்துவிடுங்கள். சில வங்கிகள் பழைய நாள் பட்டியலைத் தளத்தில் விட்டுவைப்பதில்லை, அதனால் பணம் வரும் நாளிலேயே எடுத்து வைப்பது நல்லது. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஒப்பாவிட்டாலும் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். SHA-வில் கழிந்த 15 டாலருக்காக அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

அந்தப் பதினைந்துக்கு வேறு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அடுத்த இன்வாய்ஸின் அடியில் "வங்கிக் கட்டணம் முழுதும் அனுப்புபவருடையது, OUR-ஆக அனுப்பவும்" என்று ஒரு வரி. இன்னொன்று உங்கள் கணக்குப் புத்தகம். 2,000 டாலர் இன்வாய்ஸை 1,985 வந்தது என்று பாதி நிலுவையோடு திறந்து வைக்காமல், 2,000 முழுதும் வரவு என்று முடித்து, 15 டாலரையும் ரூபாய்ப் பிடித்தங்களையும் வங்கிச் செலவு என்று எழுதுங்கள். ஸ்விஃப்ட் நகலை அதற்கான ரசீதாக அட்வைஸோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.